சால்வையை மறுத்த தங்கை

'தி ஸ்டோன் ஏஞ்சல்' நாவலைச் சொல்பவள் ஹேகர் ஷிப்லி என்னும் 90 வயதுக் கிழவி. மூத்த மகன் மார்வினும் மருமகள் டோரிஸும் அவளை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். அவள் அசைந்துகொடுப்பதாக இல்லை. கனடிய எழுத்தாளர் மார்கரெட் லாரன்ஸ் 1964இல் இதை வெளியிட்டபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான்கு வயதில் தாயையும் ஒன்பது வயதில் தந்தையையும் இழந்தவர் அவர்.

தலைப்பிலுள்ள கல் தேவதை, மானவாகா என்ற கற்பனை ஊரின் இடுகாட்டில் நிற்கும் சிலை. ஹேகரைப் பெற்றெடுத்தபோதே இறந்துபோன தாய்க்காக, தந்தை பெருஞ்செலவில் இத்தாலியிலிருந்து தருவித்தது. அதன் கண்களில் பாவை செதுக்கப்படவில்லை. கல்லாகிப்போன ஹேகருக்கு அந்தச் சிலை உவமை என்பது முதல் வாசிப்பிலேயே புரிந்துவிடும். என்னைக் கட்டிப்போட்டது சிலை அல்ல. ஒரு பழைய கட்டம்போட்ட சால்வை.

ஹேகரின் அண்ணன் டான் பனிச்சறுக்கு விளையாடும்போது பனி உடைந்து ஆற்றுநீரில் விழுகிறான். நிமோனியா வருகிறது. ஜுர வேகத்தில், தான் அதிகம் அறிந்திராத அம்மாவைத் தேடுகிறான். இன்னோர் அண்ணன் மாட், அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு டானைச் சற்றுநேரம் அணைத்துக்கொள்ளும்படி தங்கையிடம் கெஞ்சுகிறான். அவளால் முடியவில்லை. அம்மா என்றாலே அவள் மனதில் வருவது பலவீனம். ஒரு நிமிடம்கூட அந்தப் பலவீனமான பெண்ணாக இருக்க அவளுக்குச் சம்மதமில்லை. கடைசியில் மாட்டே சால்வையைப் போர்த்திக்கொள்கிறான். டானின் தலையை மடியில் தாங்கி, தாலாட்டுவதுபோல் முணுமுணுக்கிறான். டான் இறந்துபோகிறான்.

நாவலின் தொடக்கத்தில் வரும் இந்தக் காட்சியைச் சிறுவயதுச் சம்பவம்போல ஹேகர் சொல்லிக் கடந்துவிடுகிறாள். ஆனால், சாகிறவனுக்காக வேறொருவராக நடிக்க மறுத்த அந்தக் கணம்தான் கதையின் முதுகெலும்பு.

பிறகு வாழ்நாள் முழுக்க அவள் அழுவதில்லை. கணவன் பிராம் இறந்தபோது அழுதவன் இளைய மகன் ஜான், அவள் இல்லை. ஜானின் சாவு அதைவிடக் கொடியது. அவன் காதலித்த ஆர்லீனை வெளியூருக்கு அனுப்பிவிட, ஹேகரும் அந்தப் பெண்ணின் தாயும் சேர்ந்து ஏற்பாடு செய்கிறார்கள். போதையில் ஒரு பந்தயத்துக்காக ஜான் ரயில் பாலத்தின் மீது வண்டியை ஓட்டுகிறான். அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது என்று நம்பியிருந்தான். அட்டவணையில் இல்லாத சரக்கு ரயில் வந்துவிடுகிறது. ஆர்லீனும் அவனும் இறக்கிறார்கள். மருத்துவமனையில் தோளை அணைக்க வந்த கையை ஹேகர் தள்ளிவிடுகிறாள்.

இப்போது நடப்பது ஏதாவது ஒன்று தூண்ட, பழையது நினைவுக்கு வருகிறது. அப்படி வரும் நினைவுகள் குழந்தைப்பருவத்தில் தொடங்கி வரிசை மாறாமல் வருகின்றன. மனிதமனம் இவ்வளவு ஒழுங்காக நினைப்பதில்லை; லாரன்ஸும் பின்னாளில் இதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த வரிசையால் ஒரு பலன் உண்டு. ஜானின் மரணத்தை நெருங்க நெருங்க, அவள் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது நமக்கு உறைக்கிறது.

அந்த நினைவு வெளிவருவது கடற்கரையோரம் கைவிடப்பட்ட ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில். முதியோர் இல்லத்துக்குப் பயந்து ஹேகர் ஓடிப்போய் ஒளிந்த இடம் அது. அங்கே வந்து சேரும் மர்ரே லீஸ் என்ற காப்பீட்டு முகவர், தானும் மனைவியும் தேவாலய இரவு வழிபாட்டுக்குப் போயிருந்தபோது வீடு தீப்பிடித்து மகன் இறந்த கதையைச் சொல்கிறார். இருவரும் ஒயின் குடிக்கிறார்கள். ஹேகர் ஜானைப் பற்றிப் பேசுகிறாள். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அழுகிறாள். இரவில் மனம் குழம்பி, பக்கத்தில் இருப்பவரை ஜான் என்றே எண்ணி, ஆர்லீனை வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்கிறாள். அந்த அந்நியர் திருத்துவதில்லை. ஜானாகவே இருந்து, அம்மா மனதார அப்படிச் சொல்லவில்லை என்பது தனக்குத் தெரியும் என்று அவளைத் தேற்றுகிறார். டானுக்கு அவள் தர மறுத்ததை முன்பின் தெரியாத ஒருவர் அவளுக்குத் தருகிறார். இந்த இடத்தில் சால்வை என்ற சொல்லே வராது. லாரன்ஸின் கைத்திறமை அதில்தான் இருக்கிறது.

இறுதியில் மருத்துவமனைக் கட்டிலருகே மார்வின் உட்கார்ந்திருக்கிறான். அறுபதைத் தாண்டியவன், வாழ்நாள் முழுதும் தம்பிக்கு அடுத்தபடியாகவே தாயின் கண்ணில் பட்டவன். ஜானைவிட நீதான் எனக்கு நல்ல மகனாக இருந்தாய் என்று ஹேகர் அவனிடம் சொல்கிறாள். பொய்தான் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஜானைப் பற்றிய பக்கங்களைப் படித்துவந்த நமக்கும் தெரியும். மார்வின் அதை நம்பி எடுத்துக்கொள்கிறான்.