படத்தில் எந்த மாதம்?

சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் சேர வேண்டும். கோவையில் இருக்கும் குடும்பத்துக்குச் சென்னை வந்து தெருத்தெருவாக வீடு தேட அவகாசம் இல்லை. பள்ளிக்கரணையில் ஒரு இரண்டு படுக்கையறை வீடு விளம்பரத்தில் வருகிறது. வாடகை கட்டுப்படியாகிறது. "ஓ.எம்.ஆருக்குப் பத்தே நிமிடம்" என்கிறார்கள். ஸ்ட்ரீட் வியூவில் தெரு வெயிலில் பளிச்சென்று இருக்கிறது. குடியிருப்புக்கு ஐந்துக்கு 4.2 மதிப்பெண். முன்பணத்தை அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றும்.

அனுப்பும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரைபடம் சொன்ன பயண நேரம், படத்தில் தெரிந்த தெரு, யாரோ எழுதிய விமர்சனம் எல்லாமே ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு நேரத்தில் பதிவானவை. அந்த நாளையும் நேரத்தையும் தேடிப் பார்க்கிறவருக்குத்தான் இவை உதவும்.

முதலில் வீடு எங்கே இருக்கிறது என்பதே உறுதியாக வேண்டும். வாடகைத் தளங்களில் பல விளம்பரங்கள் வீட்டின் சரியான இடத்தைக் காட்டுவதில்லை. அந்தப் பகுதியின் நடுவில் பொதுவாக ஒரு குறி போட்டுவிடுவார்கள். உரிமையாளரிடம் இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு விளம்பரப் படங்களை எடுத்து, பால்கனிக்கு எதிரே தெரியும் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, டிரான்ஸ்பார்மர், கடைப் பலகை ஆகியவற்றை ஸ்ட்ரீட் வியூவில் தேடுங்கள். பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால், "சார், தெருமுனையில இருந்து நடந்துக்கிட்டே வீடியோ கால்ல காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இதில் சிரமம் இருக்காது. வேறு யாருடைய வீட்டின் படத்தையோ போட்டு முன்பணம் கேட்பவர் இந்த இடத்தில்தான் நழுவப் பார்ப்பார்.

அடுத்தது அந்தப் பத்து நிமிடம். வரைபடத்தில் பள்ளிக்கரணையும் ஓ.எம்.ஆரும் அருகருகே இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இடையில் சதுப்பு நிலம் கிடக்கிறது. அதைத் தாண்ட துரைப்பாக்கம்–பல்லாவரம் இருநூறடிச் சாலை, தெற்கே மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலை என்று சில வழிகளே உண்டு. எல்லா வண்டிகளும் அவற்றில்தான் வந்து சேரும். இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வழி பார்த்தால் அந்த நேரத்துக்கான பதில்தான் வரும். கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து வழி கேட்டபின், Leave now என்று இருப்பதை Arrive by என்று மாற்றி, திங்கட்கிழமை காலை 9.30 என்று கொடுங்கள். ஒரே எண்ணுக்குப் பதிலாக, இத்தனை நிமிடம் முதல் இத்தனை நிமிடம் வரை என்று வரும். அந்த இரண்டாவது எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள். மாலை ஆறரைக்குக் கிளம்பினால் எவ்வளவு ஆகும் என்றும் தனியாகப் பாருங்கள். திரும்பும் வழியின் நெரிசல் வேறு மாதிரி இருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி ஓ.எம்.ஆரை ஒட்டி நடப்பதால், பழைய ஸ்ட்ரீட் வியூ படத்தில் அகலமாகத் தெரியும் சாலையை அப்படியே நம்ப வேண்டாம்.

இனி, சென்னையில் வீடு தேடும் எவரும் அதிக நேரம் செலவிட வேண்டிய விஷயம்: தண்ணீர். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர்கிறது. 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட இந்த நிலம், ஒரு காலத்தில் இருந்த பரப்பில் சிறு பகுதிதான். மீதி இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் சூழ்ந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

ஸ்ட்ரீட் வியூவில் இது தெரியாது. கேமரா வண்டிகள் பெரும்பாலும் வானம் தெளிந்த நாளில்தான் ஓடுகின்றன. திரையில் படம் எடுத்த மாதமும் ஆண்டும் இருக்கும்; முதலில் அதைப் படியுங்கள். மார்ச், ஏப்ரல், மே என்றால் அந்தப் படம் மழையைப் பற்றி உங்களுக்கு நேரடியாக எதுவும் சொல்லப் போவதில்லை. கணினியில் See more dates என்று இருந்தால் வேறு காலத்துப் படங்களும் கிடைக்கும். கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரப் படத்தை அழுத்தினால் செயற்கைக்கோள் படங்களில் வருடக்கணக்கில் பின்னால் போகலாம். இன்று அடுக்குமாடி நிற்கும் இடம் முன்பு ஏரியின் ஓரமா, வாய்க்கால் ஓடிய பாதையா, வெறும் வயலா என்பது அதில் தெரிந்துவிடும். எர்த்தின் அடியில் தெரியும் உயரக் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அதில் சில மீட்டர் பிழை இருக்கலாம். சமதளமான சென்னையிலோ அரை மீட்டர் வித்தியாசம்தான் வரவேற்பறைக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த அரை மீட்டரைத் தெருப்படத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். சாலைக்கு மேல் சாலை போட்டுப் போட்டு, பழைய வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துபோயிருக்கிறதா? புதிதாகக் கட்டிய வீடுகள் மட்டும் நாலைந்து படி ஏற்றிக் கட்டப்பட்டிருக்கின்றனவா? மதில் சுவர்களில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா? கேட்டின் குறுக்கே சிமெண்ட் திட்டு எழுப்பியிருக்கிறார்களா? அந்தத் தெருவாசிகள் பட்ட அனுபவம் இப்படித்தான் கல்லிலும் சிமெண்ட்டிலும் பதிவாகியிருக்கும். கோடைக்கும் இதே பார்வை உதவும். தண்ணீர் லாரியோ, வாசலில் வரிசையாக நீல டிரம்களோ படத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

விமர்சனங்களையும் மாதம் பார்த்தே படிக்கவேண்டும். சராசரி 4.2 என்பதால் பெரிய பயன் இல்லை. கட்டி முடித்த புதிதில் "அருமையான பிராஜெக்ட்" என்று ஒரே வாரத்தில் குவிந்த ஐந்து நட்சத்திரங்களும் அதில் அடக்கம். Newest என்று வரிசைப்படுத்தி, நவம்பர், டிசம்பரில் எழுதியவற்றையும் ஏப்ரல், மே மாதங்களில் எழுதியவற்றையும் தேடுங்கள். விமர்சனங்களுக்குள் water, lorry, lift, generator என்று தேடலாம். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் விவரமாக எழுதுகிறார்கள்: "எல்லாம் நல்லாருக்கு, மழைக்கு கார் பார்க்கிங்ல தண்ணி நிக்கும்." இப்படி ஒரு வரி கிடைத்தால் போதும். எனக்குப் பிடித்த வழி இன்னொன்று உண்டு. அதே தெருவில் உள்ள மருந்துக்கடை, பள்ளி, மளிகைக்கடை ஆகியவற்றின் பக்கங்களுக்குப் போய் வாடிக்கையாளர்கள் ஏற்றிய படங்களைப் பார்ப்பது. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைக்காதவர்கள் எடுத்த படங்கள் அவை.

இத்தனைக்கும் பிறகும் திரையில் தெரியாதவை உண்டு. சதுப்பு நிலத்தை ஒட்டிப் பெருங்குடி குப்பைக் கிடங்கு இருக்கிறது. காற்று திரும்பும் நாளில் நாற்றம் எந்தத் தெரு வரை வரும் என்று எந்த வரைபடமும் சொல்லாது. பக்கத்து மண்டபத்தின் ஒலிபெருக்கியும் அப்படித்தான். அதனால் பட்டியலை இரண்டு மூன்று வீடுகளாகச் சுருக்கியபின், சென்னையில் உள்ள உறவினரையோ வருங்கால அலுவலக நண்பரையோ ஒருமுறை மாலை வேளையில் போய்வரச் சொல்லுங்கள். அவர் வீட்டுக்குள் போகும் முன் தெருமுனை இஸ்திரிக் கடையில் நின்று, "அண்ணா, மிக்ஜாம் அப்போ இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? எத்தனை நாள் கரண்ட் இல்ல?" என்று கேட்கட்டும். அவர் காட்டும் உயரத்தை வீட்டு வாசற்படியோடு ஒப்பிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.