நிரம்பாத பிரியாணி அண்டா

தெருவில் ஒரே பிரியாணிக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாடகை, ஆள்கூலி, முதலாளியின் உழைப்புக்கான கூலி, முதலுக்கு வட்டி எல்லாம் சேர்ந்து தினமும் ரூ.3,000. பிளேட்டுக்கு அரிசி, கறிச் செலவு ரூ.90. நூறு பிளேட்டை 150 ரூபாய்க்கு விற்றால் லாபம் ரூ.3,000. ஆனால் அது குறுகிய காலத்துக்குத்தான்.

லாபத்தைப் பார்த்துப் புதுக் கடைகள் முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ருசி, தனி வாடிக்கை. பொருளியலில் இது முற்றுரிமைப் போட்டி. இப்போது 140 ரூபாய்க்கு 60 பிளேட்தான் போகிறது. அடக்கவிலையும் 140. லாபம் பூஜ்யம், கூலியும் வட்டியும் வந்துவிடுவதால் கடை ஓடும்.

நூறு சமைத்தால் அடக்கம் 120தான். ஆனால் விலையை 130 ஆக்கினாலும் 70தான் போகும் என்றால் ரூ.200 நட்டம். அதனால் அண்டா நிரம்புவதில்லை. இந்த உபரித் திறனை, பலவகைப் பொருள்களுக்காகச் சமூகம் கொடுக்கும் விலையாகவே எட்வர்ட் சேம்பர்லின் பார்த்தார்.