இருபதா, அறுபதா?

சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஸ்லீப்பர் பஸ் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். வண்டி கிளம்பியதும் ஸ்பீக்கரில் போட வேண்டிய அறிவிப்பை அவரே எழுதியிருந்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கியது. புகைபிடித்தல் கூடாது, உரக்கப் பேசுதல் கூடாது, காலணியைப் படுக்கையில் வைத்தல் கூடாது என்று பன்னிரண்டு "கூடாது"களைக் கடந்து, "பயணம் இனிதே அமைய வாழ்த்துகிறோம்" என்று முடிந்தது.

"நல்ல குரலா ஒரு பிள்ளைய வச்சிப் பேசிட்டா போதும்லா?" என்றார்.

"குரல் கெடக்கட்டும் அண்ணாச்சி. நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டு ஃபேனை வேகமா வையுங்க. நான் அடுத்த ரூம்ல இருந்து வாசிக்கிறேன்" என்றேன்.

மூன்றரை நிமிடம் வாசித்தேன். போய்க் கேட்டால் அவருக்கு நினைவிருந்தது இரண்டு: புகைபிடிக்கக் கூடாது, பயணம் இனிதாக அமையட்டும். அவசர வழி எங்கே இருக்கிறது என்பதும் அந்தத் தாளில் இருந்தது. ஏழாவது "கூடாது"க்கும் எட்டாவதுக்கும் நடுவில். எழுதியவருக்கே அது காதில் விழவில்லை.

கண்ணுக்கு எழுதியதைக் காதுக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். தாளில் படிப்பவர் புரியாவிட்டால் ஒரு வரி மேலே போய் மறுபடி படிப்பார். பஸ்ஸில் படுத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஏசி இரைகிறது, எஞ்சின் உறுமுகிறது, திரைச்சீலை பாதி ஒலியைத் தின்றுவிடுகிறது. போதாததற்குத் தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "செங்கல்பட்டைக் கடந்து திண்டிவனம் வழியாக விக்கிரவாண்டி அருகே உள்ள உணவகத்தில் இரவு உணவுக்காக வண்டி நிற்கும்" என்ற வாக்கியத்தில் 'நிற்கும்' வருவதற்குள் 'எங்கே' போய்விடுகிறது. வண்டி நிற்கப் போகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கே, எதற்கு என்பதெல்லாம் தனித்தனிச் சின்ன வாக்கியங்களாகப் பின்னால் வரலாம்.

'கனிவான கவனம்' ரயில் நிலையத்திலிருந்து பஸ் ஏறியது. அங்கே அதற்கு ஒரு வேலை உண்டு. வண்டி எண், ஊர்ப் பெயர், நடைமேடை எண் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்து, தேவையானபோது இயந்திரம் கோத்துக் கொடுக்கிறது. முதலில் வரும் மணியோசையும் அந்தப் பழகிய தொடக்கமும், கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவரைத் திரும்ப வைக்கும் தட்டு. அதைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை, விஷயம் அதன் பிறகுதான் வருகிறது. நாற்பது பேர் இருக்கும் பஸ்ஸில் ஒரு "வணக்கம்" போதும். அதைச் சொல்லிவிட்டு இரண்டு நொடி சும்மா இருக்க வேண்டும். அந்த இரண்டு நொடியில்தான் செல்போனிலிருந்து தலை நிமிர்கிறது.

அடுத்து, 'செய்யவும்'. பலகையில் "வரிசையில் நிற்கவும்" என்று எழுதினால் யாருக்கும் வருத்தமில்லை. அதையே வாயால் சொல்லும்போது கச்சேரி வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. "நில்லுங்கள்" என்றால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசுகிறார். குரல் இனிமையாக இல்லை என்று நினைக்கிறோமே, பல நேரம் குற்றவாளி குரல் அல்ல, இந்த 'வும்'தான். அண்ணாச்சியின் தாளில் முதல் வேலையாக அத்தனையையும் அடித்தேன்.

பிறகு அறிவிப்பை நான்காகப் பிரித்தோம். விளக்கணைக்கும் முன் ஒன்று, சாப்பாட்டுக்கு நிற்கும்போது ஒன்று, நடுவழி ஊர்களுக்கு ஒன்று, விடிந்த பிறகு ஒன்று. எது எப்போது காதில் விழ வேண்டுமோ அப்போது மட்டும்.

பாதுகாப்பு அறிவிப்பை எப்போது சொல்வது என்பதில்தான் அதிக நேரம் போனது. கிளாம்பாக்கத்தில் வண்டி நகர்ந்ததுமே சொன்னால் பாதிப் பேர் பையைத் திணித்துக்கொண்டிருப்பார்கள். மறைமலை நகரிலும் செங்கல்பட்டிலும் ஏறுபவர்கள் அப்போது வண்டியிலேயே இல்லை. அதனால் கடைசி ஆள் ஏறியதும், விளக்கு எரியும்போதே சொல்வது என்று முடிவானது. எழுதியது இது:

"வணக்கம். இது திருநெல்வேலி போகும் வண்டி. இரண்டு நிமிடத்தில் விளக்கை அணைக்கப் போகிறோம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை. திரையை விலக்கி வெளியே எட்டிப் பாருங்கள். வலது பக்கம், ஒன்பதாம் படுக்கைக்கு அருகில், சிவப்பு எழுத்து போட்ட ஜன்னல் தெரிகிறதா? அதுதான் அவசர வழி. உங்கள் இடத்திலிருந்து அது எத்தனையாவது படுக்கை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இருட்டில் தடவிப் போக அது உதவும். ஜன்னலுக்கு மேலே சிறிய சுத்தியல் இருக்கிறது. கண்ணாடியின் நடுவில் அடிக்காதீர்கள், மூலையில் அடியுங்கள். பையை எடுக்க வேண்டாம். நீங்கள் இறங்கினால் போதும்."

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது. இதில் "ஒன்பதாம் படுக்கை" என்ற சொல்லைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அண்ணாச்சியிடம் மூன்று வண்டிகள். ஒன்றில் அவசர வழி வலப்பக்க நடுவில், மற்ற இரண்டில் பின்பக்கம். ஒரே பதிவை மூன்றிலும் போட்டால் இரண்டில் பொய் சொன்னதாகிவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் ஏறிப் பார்த்துத் தனியாக எழுதினோம். ஏறிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு வண்டியில் சுத்தியல் மாட்டும் கொக்கி இருந்தது, சுத்தியல் இல்லை. அண்ணாச்சி முகம் சுண்டிப்போய் அன்று சாயங்காலமே வாங்கி மாட்டினார்.

மூலையில் அடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கவாட்டு ஜன்னலில் இருப்பது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கிய கண்ணாடி. நடுவில் அடித்தால் அது சற்றே வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஓரத்தில், சட்டத்தின் பிடிக்குப் பக்கத்தில், அப்படி வளைய இடமில்லை. ஒரு புள்ளியில் உடைந்தால் மொத்தமும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். முன்கண்ணாடி வேறு ரகம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு படலம் ஒட்டியிருப்பதால் விரிசல் விடுமே தவிர சுலபத்தில் வழி விடாது.

2013 அக்டோபர் 30 அதிகாலையில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன ஏசி பஸ் ஒன்று, மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே சாலையோரச் சிறுபாலத்தில் மோதித் தீப்பிடித்தது. 45 பேர் இறந்தார்கள். எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம். மூடிய கண்ணாடி வண்டியில் புகை சூழ்ந்தால் யோசிப்பதற்கு நிமிடக்கணக்கில் நேரம் கிடைக்காது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தூங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு நிறுத்தத்துக்கு வருவோம். "இருபது நிமிடம் வண்டி நிற்கும்" என்று சொல்வதுதான் வழக்கம். எனக்கு இதில் ஒரு பழைய வருத்தம் உண்டு. வருடங்களுக்கு முன் ஒரு நெடுஞ்சாலை ஓட்டலில் நடுராத்திரி தோசையை முடித்துவிட்டு வெளியே வந்தால், ஒரே நிறத்தில் ஒன்பது பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. என் வண்டி எது? எண்ணைப் பார்த்து வைக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மூன்று வண்டிகளில் ஏறி, மூன்று பேரின் காலை மிதித்து, நான்காவதில் என் போர்வையைக் கண்டுபிடித்தேன். இருபது நிமிடம் எந்த நொடியிலிருந்து தொடங்கியது என்பதும் எனக்கும் டிரைவருக்கும் வேறு வேறாக இருந்திருக்கிறது.

அதனால் நிமிடக் கணக்கு வேண்டாம், கடிகார மணியைச் சொல்வோம் என்றேன். வண்டி எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு முறை. இதற்கும் காது சார்ந்த காரணம் இருக்கிறது. மட்டமான ஸ்பீக்கரில் 'இருபது', 'அறுபது' இரண்டும் ஒன்றுபோல விழும், முதல் எழுத்துதான் இரைச்சலில் முதலில் கரைகிறது. 'எழுபது', 'எண்பது' அதைவிட மோசம். "இருபது அறுபத்தெட்டு" என்பதைவிட "இரண்டு, பூஜ்யம், ஆறு, எட்டு" நீளம்தான், ஆனால் தப்பாது.

"வண்டி நிற்கிறது. சாப்பிடலாம், கழிப்பறைக்குப் போகலாம். இப்போது மணி பதினொன்று பத்து. பதினொன்றரைக்குக் கிளம்புவோம். நம் வண்டி எண் இரண்டு, பூஜ்யம், ஆறு, எட்டு. இன்னொரு முறை: இரண்டு, பூஜ்யம், ஆறு, எட்டு. இடது பக்கம் மட்டும் இறங்குங்கள். எதிர்ப்பக்கம் டீக்கடை தெரியும், ரோட்டைத் தாண்ட வேண்டாம். வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டாம், பக்கத்து வண்டிகள் பின்னோக்கி வரும்."

இதைப் பதிவு செய்ய முடியாது. செங்கல்பட்டில் நெரிசல் என்றால் பதினொன்று பத்து பன்னிரண்டு ஆகிவிடும். இனிமையான குரல் தவறான மணியைச் சொன்னால் அதைவிட எரிச்சல் வேறில்லை. மாறாததைப் பதிவுக் குரலுக்கும் மாறுவதை மைக்குக்கும் விட்டோம். மைக் பிடிக்க வேண்டியவர் கிளீனர் பையன், கோவில்பட்டிக்காரர். முதல் நாள் அவர் என் தாளை வாசித்தபோது பரீட்சை எழுதுவதுபோல இருந்தது. "தம்பி, தாளை மூடிட்டு, வீட்டுல அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றேன். "பதினொன்றரைக்கு எடுத்துருவோம், விட்டுட்டுப் போயிட்டாம்னு வையாதீங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. தாளில் அந்த வரியையும் சேர்த்துக்கொண்டேன்.

நாகரிகம் பற்றிய பன்னிரண்டு "கூடாது"களில் மூன்றை மட்டும் வைத்தோம். புகை ஒன்று, அதில் பேச்சுக்கே இடமில்லை, "கூடாது" அங்கே மட்டும் அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் இப்படி: "செல்போனில் பாட்டுக் கேட்பவர்கள் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பேச வேண்டுமானால் மெதுவாக, பக்கத்தில் ஒரு குழந்தை தூங்குகிறது." குழந்தை எல்லா நாளும் இருக்குமா என்று அண்ணாச்சி கேட்டார். பார்த்தவரை இல்லாத நாளே இல்லை.

ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல். திருச்சி என்று டிக்கெட் எடுத்தவருக்கு மனதில் இருப்பது மத்தியப் பேருந்து நிலையமோ சத்திரமோ. வண்டி நிற்பதோ மதுரைச் சாலையில், 2025இல் திறந்த பஞ்சப்பூர் நிலையத்தருகே. அதனால் ஊரைச் சொன்ன கையோடு இடத்தையும் சொல்ல வேண்டும்: "திருச்சி, பஞ்சப்பூர்." "மதுரை, மாட்டுத்தாவணி." இதையும் விளக்கணைக்கும் முன்பே ஒருமுறை சொல்லிவிட்டால், ஆட்டோவுக்கோ வீட்டாருக்கோ போன் செய்ய நேரம் கிடைக்கும்.

ஆனால் வண்டி திருச்சியை நெருங்கும்போது மணி இரண்டு. இறங்குபவர் மூன்று பேர், தூங்குபவர் முப்பத்தேழு பேர். மூன்று பேருக்காக ஸ்பீக்கரை அலறவிடுவதா? அண்ணாச்சி ஸ்பீக்கர் வாங்கிய ஆசையில் போடத்தான் வேண்டும் என்றார். கிளீனர் தம்பி வேண்டாம் என்றார். கடைசியில் அந்தப் பக்கத்தில் பயணிகளுக்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. தம்பிக்கு மட்டும் ஒரு வரி, நான் அடித்துத் தள்ளிய அதே 'வும்' போட்டு: "திருச்சி. மைக் வேண்டாம். பதினைந்து நிமிடம் முன்னதாக, கீழ் 4, கீழ் 7, மேல் 12, காலைத் தட்டி எழுப்பவும்."