இதயத்தின் அடிப்பக்கம் அடைபடும்போது

58 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் மேல்வயிற்றில் அழுத்தம், குமட்டல், உடம்பெல்லாம் வியர்வை. வாயுத் தொல்லை என்று சோடா குடித்துப் பார்க்கிறார், அடங்கவில்லை. மருத்துவமனைக்கு வந்து சேரும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 44, ரத்த அழுத்தம் 90/60.

இ.சி.ஜி. எடுக்கிறார்கள். II, III, aVF என்று அச்சாகியிருக்கும் மூன்று இடங்களில் மட்டும், எஸ்.டி. எனப்படும் பகுதி அடிக்கோட்டிலிருந்து மேலே தூக்கி நிற்கிறது. வந்திருப்பது மாரடைப்பு. அது இதயத்தின் எந்தச் சுவரில் என்பதையும் அந்தத் தாளே காட்டிவிடுகிறது.

இ.சி.ஜி.யில் 12 லீடுகள் உண்டு. ஒரு கோபுரத்தைச் சுற்றி வந்து பன்னிரண்டு இடங்களில் நின்று பார்ப்பதைப் போல, ஒவ்வொரு லீடும் இதயத்தின் ஒரு பக்கத்தைப் பார்க்கிறது. V1 முதல் V4 வரை உள்ளவை முன்சுவரைப் பார்ப்பவை. I, aVL, V5, V6 ஆகியவை இடப்பக்கத்தை. II, III, aVF மூன்றும், உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கும் அடிச்சுவரைப் பார்ப்பவை. அடிச்சுவரில் வேகஸ் நரம்பின் இழைகள் மிகுதி. குமட்டல் வந்ததற்கும் இவருக்கு அது வயிற்றுக் கோளாறாகத் தோன்றியதற்கும் இதுவும் ஒரு காரணம்.

அடிச்சுவருக்குப் பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் தருவது வலது கரோனரி தமனி. சிலருக்கு மட்டும் இடப்பக்கத்துச் சுற்றுத் தமனி. II, III இரண்டில் எதில் உயர்வு அதிகம் என்று பார்த்தால் பிரித்தறிய உதவும். III கீழே வலப்புறமிருந்து பார்ப்பது. அதில் உயர்வு கூடுதலாகவும் aVL-இல் தாழ்வும் இருந்தால், அடைப்பு வலது தமனியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். இவருக்கு அப்படித்தான் இருக்கிறது.

இனி, அந்தத் தமனி வேறு எதற்கெல்லாம் ரத்தம் தருகிறது என்று கேட்க வேண்டும். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவுக்குப் பெரும்பாலானவர்களுக்கு இதிலிருந்துதான் கிளை போகிறது. அந்தக் கணு சோர்ந்ததாலும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டதாலும் நாடி 44-க்கு இறங்கிவிட்டது. இந்த வகைத் தடை பலருக்கு அட்ரோபின் ஊசிக்கு இணங்கும். சில நாட்களில் தானாகவே சரியாகும். இதே தடை முன்சுவர் மாரடைப்பில் வந்தால் நிலைமை வேறு. அங்கே அடைபடுவது இடது முன் இறங்கு தமனி. இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் முன்பகுதி மூன்றில் இரண்டு பங்கு அதை நம்பியிருக்கிறது. கடத்தும் கம்பிகள் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகின்றன. அங்கே தடை வந்தால் பெருமளவு தசை செத்திருக்கிறது என்று பொருள், பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

ரத்த அழுத்தம் இறங்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். வலது கீழறைக்கும் இதே தமனிதான் ரத்தம் தருகிறது. நுரையீரலில் நீர்ச் சத்தம் இல்லை, ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, அழுத்தமும் குறைவு என்றால் வலது கீழறையும் பழுதாகியிருக்கலாம். வழக்கமான 12 லீடுகளில் அது சரியாகத் தெரியாது. மார்பின் வலப்பக்கத்தில் V4R என்ற லீடை வைத்துப் பார்க்க வேண்டும். அதில் எஸ்.டி. 1 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலே சந்தேகம் வலுக்கும்.

இந்தச் சோதனை ஏன் அவசரம்? நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சிரைகளை விரித்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். பழுதான வலது கீழறையோ அந்த வரத்தை நம்பித்தான் இயங்குகிறது. மாத்திரை வைத்தால் அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். இவருக்குக் கொடுக்க வேண்டியது அளவு பார்த்து சலைன். கூடவே, அடைப்பை விரைவாகத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி.

அடைப்பைத் திறந்த பிறகும் முதல் வாரம் கவனம் வேண்டும். ஈரிதழ் வால்வைத் தாங்கும் இரு தசைகளில் பின்புறத் தசைக்குப் பெரும்பாலும் இந்த ஒரே வழிதான் ரத்தம். முன்புறத் தசைக்கு இரண்டு தமனிகள் உதவுவதால் அது தப்பிக்கும். பின்புறத் தசை கிழிந்தால் திடீர் மூச்சுத்திணறல் வரும், இதயத்தில் புதிய முணுமுணுப்பு கேட்கலாம். எக்கோ உறுதிப்படுத்தும், அவசர அறுவை சிகிச்சை தேவை.

இந்த வரைபடம் எல்லோருக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. சிலரது முன் இறங்கு தமனி இதய நுனியைச் சுற்றி அடிப்பக்கம் வரை போகும். அது அடைபட்டால் முன், அடி இரண்டு லீடுகளிலும் உயர்வு தெரியும். எந்தக் குழாய் என்பதை ஆஞ்சியோகிராம்தான் உறுதி செய்யும். தேர்வு எழுதும் மாணவருக்கும் பணியில் இருக்கும் மருத்துவருக்கும் கேள்விகளின் வரிசை ஒன்றுதான்: எந்தச் சுவர், எந்தத் தமனி, அந்தத் தமனியை நம்பியிருக்கும் மற்றவை எவை?