மூன்று இடத்திலும் அழித்தால்தான் வாட்ச் மறுபடி இணையும்

இரவில் போன் அப்டேட் ஆகி முடிகிறது. காலையில் ஸ்மார்ட்வாட்ச் மணி காட்டுகிறது, நடந்த அடிகளையும் எண்ணுகிறது. போனுக்கு வரும் அழைப்பும் செய்தியும் மட்டும் வாட்சுக்கு வருவதில்லை. செயலியைத் திறந்தால் 'Connecting' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே பலரும் போனின் புளூடூத் பட்டியலில் இருந்து வாட்சை நீக்கிவிட்டு, அங்கேயே மறுபடி சேர்த்துப் பார்க்கிறார்கள். சிக்கல் இறுகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் முறை இணைக்கும்போது போனும் வாட்சும் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவியை ஏற்படுத்திக்கொண்டு, ஆளுக்கொரு பிரதியைச் சேமித்து வைக்கின்றன. அதனால்தான் அடுத்த நாள் எதையும் கேட்காமல் தாமாக இணைகின்றன. அப்டேட்டின்போது போனிலுள்ள பிரதி தொலைந்தாலோ, நீங்களே அதை நீக்கினாலோ, வாட்ச் தன்னிடமுள்ள பழைய சாவியையே நீட்டும். போன் அதை ஏற்காது. இணைந்த மாதிரி தெரிந்து ஓரிரு நொடியில் அறுந்துபோவதும், இணைக்கலாமா என்று போன் திரும்பத் திரும்பக் கேட்பதும் சாவி பொருந்தாததற்கான அடையாளங்கள்.

எல்லாமே சாவிக் கோளாறு அல்ல. செயலி திறந்திருக்கும்போது இணைப்பு ஒழுங்காக இருந்து, திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் அறுந்தால், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் போன் அந்தச் செயலியை நிறுத்துகிறது என்று பொருள். செயலியின் பேட்டரி அமைப்பை 'Unrestricted' என்று மாற்றினால் போதும். செயலியால் வாட்சைத் தேடவே முடியவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் இதற்கென்றே 'Nearby devices' என்ற அனுமதி இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் லொக்கேஷன் இயங்க வேண்டும். இவற்றைச் சரிபார்த்து, இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகும் இணையவில்லை என்றால்தான் மறு இணைப்புக்குப் போக வேண்டும்.

போனில் பேசும் வசதியுள்ள ஒரு சாதாரண வாட்சையும் ஓர் ஆண்ட்ராய்டு போனையும் எடுத்துக்கொள்வோம். இணைப்பின் பதிவு மூன்று இடத்தில் இருக்கிறது: செயலியில், போனின் புளூடூத் பட்டியலில், வாட்சுக்குள். முதலில் செயலியில் வாட்சை நீக்குங்கள். அதற்கு முன் செயலியில் உங்கள் கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஏற்கெனவே கணக்கில் ஏறிய நடைக்கணக்கும் தூக்கக்கணக்கும் அங்கே பத்திரமாக இருக்கும். அடுத்து புளூடூத் பட்டியலில் 'Forget' கொடுங்கள். இவ்வகை வாட்சுகள் பலவும் அங்கே இரண்டு பெயரில் நிற்கும்: ஒன்று தகவல் பரிமாற்றத்துக்கு, மற்றொன்று பேச்சு ஒலிக்கு. இரண்டையும் நீக்க வேண்டும். கடைசியாக வாட்சின் அமைப்புகளில் 'Reset' கொடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு போனுக்கு வந்து சேராத பதிவுகள் இதோடு போய்விடும் என்பதை மட்டும் அறிந்து செய்யுங்கள்.

போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, செயலியின் உள்ளிருந்தே வாட்சைச் சேருங்கள். புளூடூத் பட்டியலில் நேரடியாகச் சேர்த்தால், போன் வாட்சைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றோடு இணைந்த வாட்ச் பெரும்பாலும் தன் இருப்பை அறிவிப்பதை நிறுத்திவிடுவதால், செயலி தேடும்போது அது தென்படாது. இதே வாட்சோடு முன்பு இணைந்திருந்த பழைய போன் வீட்டில் இருந்தால், அதன் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் வந்தால், இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பேச்சு ஒலிக்கான இரண்டாவது இணைப்பைச் செயலி தனியாகக் கேட்கும், அதற்கும் சம்மதியுங்கள். அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கலாம். அது இல்லையென்றால் இணைப்பு இருந்தும் செய்திகள் வராது.

ஆப்பிள் வாட்சுக்கு இந்த வரிசை பொருந்தாது. ஐபோனிலுள்ள வாட்ச் செயலியில் 'Unpair' கொடுத்தால், அதுவே பேக்கப் எடுத்துக்கொண்டு வாட்சையும் அழித்துவிடும்.

இணைந்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். போனின் புளூடூத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். நீங்கள் எதையும் தொடாமலே வாட்ச் இணைய வேண்டும். பிறகு போன் திரை அணைந்து கால் மணி நேரம் ஆனதும் யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் தேறினால் சாவியும் சரி, அனுமதியும் சரி. தேறாவிட்டால் வேறொரு போனில் இணைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இயங்கினால் வாட்சில் பழுது இல்லை. புதிய இயங்குதளத்துக்கு ஏற்றபடி செயலிக்கு அப்டேட் வரும்வரை காத்திருப்பதே சரி. அதற்காகப் புது வாட்ச் வாங்க வேண்டாம்.