நீரில் மூழ்கிய பனீர் எத்தனை நாள் தாங்கும்?

குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால், ஒரு கிண்ணத்து நீரில் வெள்ளைக் கட்டி ஒன்று மூழ்கிக் கிடப்பதைச் சில வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதுதான் பனீர். ரொட்டியையோ வடையையோ நாம் இப்படி நீரில் போட்டு வைப்பதில்லை. ஈரம் பட்டால் பண்டம் கெட்டுவிடும் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அப்படியிருக்க, பனீரை மட்டும் ஏன் நீரில் வைக்கிறோம்? அதைக் கெடாமல் காப்பது நீரா, குளிரா?

விடை காண, பனீர் எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்ப்போம்.

பாலில் கேசின் என்னும் புரதம் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. இத்துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஆகையால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன. நன்கு காய்ச்சிய சூடான பாலில் எலுமிச்சைச் சாற்றை விட்டதும், சாற்றின் அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரள்கின்றன. திரளும்போது பாலின் கொழுப்பையும் நீரையும் தம்முள் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. அதைத் துணியில் வடித்து, மேலே கனமான பொருளை வைத்து அழுத்தினால் பனீர் கிடைக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான்.

நீர், புரதம், சிறிது பால் சர்க்கரை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? தயிரை அதன் புளிப்பு ஓரளவு காக்கிறது. பனீருக்கோ அந்தப் புளிப்பும் மிகக் குறைவு.

கெடுதல் எங்கே தொடங்குகிறது?

பாலைக் காய்ச்சும்போது அதிலிருந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. எனவே புதிய பனீரின் உட்பகுதி பெரும்பாலும் தூய்மையாகவே இருக்கும். வடிகட்டிய துணி, வெட்டிய கத்தி, தொட்ட கை, ஊற்றிய நீர் இவற்றிலிருந்துதான் புதிய பாக்டீரியாக்கள் வந்து ஒட்டுகின்றன. ஆகவே பனீர் மேற்பரப்பிலிருந்துதான் கெடத் தொடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பனீரின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 1,000 பாக்டீரியாக்கள் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். இவை ஒரு கோடி அளவை எட்டும்போது பிசுபிசுப்பும் நாற்றமும் நமக்குத் தெரியத் தொடங்கும். அதாவது 10,000 மடங்கு பெருக வேண்டும். ஒவ்வொரு பாக்டீரியாவும் இரண்டாகப் பிரிந்தே பெருகுகிறது. 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால், 13 முறையில் 8,192 மடங்காகிறது. 14-ஆவது முறை முடியுமுன் 10,000 மடங்கைத் தாண்டிவிடுகிறது.

குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில், குளிரைத் தாங்கும் பாக்டீரியா ஒரு முறை இரட்டிக்க 12 மணி நேரம் ஆவதாகக் கொள்வோம். அப்போது பனீர் கெட ஆறரை நாளுக்குச் சற்று மேல் ஆகும். கதவை அடிக்கடி திறப்பதால் உள்ளே 10 டிகிரி இருந்து, 5 மணிக்கு ஒரு முறை இரட்டித்தால்? மூன்று நாள்கூடத் தாங்காது. வெளியே, 30 டிகிரி வெயில் காலத்தில், அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால் ஏழு மணி நேரத்திற்குள் கதை முடிந்துவிடும்.

கையைச் சரியாகக் கழுவாமல் தொட்டதால், தொடக்கத்திலேயே 1,000-க்குப் பதில் ஒரு லட்சம் இருந்தால் என்னவாகும்? இப்போது 100 மடங்கு பெருகினால் போதும். ஏழு முறைக்குள் இரட்டித்து முடிந்துவிடும். அதே 4 டிகிரியில் ஆறரை நாள் மூன்றரை நாளுக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது!

அப்படியானால் நீர் எதற்கு?

நீர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. அது வேறு வேலை செய்கிறது. குளிர்பதனப் பெட்டியின் உள்ளே இருக்கும் காற்று வறண்டது; அதிலுள்ள ஈரம் குளிர்ந்த உலோகப் பகுதியில் படிந்துவிடுகிறது. அந்தக் காற்றில் திறந்து வைத்த பனீர் தன் நீரை இழந்து, மஞ்சளாகி, தோல் போல் இறுகிவிடும். நீரில் மூழ்கிய பனீருக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றப் பண்டங்களின் வாசனையும் அதில் எளிதில் ஏறாது.

நீரில் மூழ்கியிருப்பதால் காற்றே படாது என்று எண்ணிவிடாதீர்கள். நீரில் ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது; குளிர்ந்த நீரில் அது இன்னும் கூடுதலாகக் கரையும். மீன்கள் அதைக்கொண்டுதானே வாழ்கின்றன? குளிரில் வளரும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் அந்த ஆக்ஸிஜனைப் பயன்படுத்திக்கொள்கின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. பனீரிலிருந்து பால் சர்க்கரையும் சிறிதளவு புரதமும் நீரில் கசிகின்றன. நாள் ஆக ஆக அந்த நீரே பாக்டீரியாவுக்கு உணவுக் கரைசல் ஆகிவிடுகிறது. அதனால்தான் நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றும்போது மிதக்கும் பாக்டீரியாக்கள்தாம் போகின்றன. பரப்பில் ஒட்டியவை அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆகவே நீர் மாற்றுவதால் நாள் கூடும். ஆனால் முடிவே இல்லாமல் கூடாது.

ஊற்றும் நீர் கொதிக்க வைத்து ஆற்றி, முன்பே குளிரூட்டியதாக இருக்கட்டும். குழாய் நீரைச் சூடான பனீரின்மேல் ஊற்றிப் பெட்டியில் வைத்தால், அந்த நீர் முழுவதும் குளிரப் பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் பாக்டீரியாவுக்கு வெயில் காலம்தான்.

எத்தனை நாள்?

வீட்டில் செய்த பனீர், மூடிய கிண்ணத்தில், நாள்தோறும் மாற்றிய நீரில், 5 டிகிரிக்குக் கீழே இருந்தால், இரண்டு மூன்று நாட்களுக்கு நன்றாக இருக்கும். நம் கணக்கில் ஆறரை நாள் வந்ததே என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் எத்தனை பாக்டீரியாக்கள் இருந்தன, கதவு எத்தனை முறை திறந்தது என்பவற்றை யாரும் எண்ணுவதில்லை. ஆகவே ஐந்தாம் நாளைக் கடக்க விடாதீர்கள். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால், நீரை வடித்து, உறைபனி அறையில் வைக்கலாம். பனிப்படிகங்கள் புரத வலையைக் கிழிப்பதால் பனீர் சற்று உதிரும். குழம்பில் போட அது குறையில்லை.

நீர் கலங்கியிருந்தாலோ, பரப்பு வழவழப்பாக இருந்தாலோ, மஞ்சள் அல்லது பச்சை நிறம் படர்ந்திருந்தாலோ, புளித்த நாற்றம் வந்தாலோ முழுவதையும் எறிந்துவிடுங்கள். மேற்பரப்பைச் சீவிவிட்டு உண்ண வேண்டாம்.

நாற்றமில்லை என்பதால் மட்டும் நல்லது என்றும் முடிவு செய்யாதீர்கள். லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா குளிர்பதனப் பெட்டியிலும் மெல்ல வளரும். நிறமோ நாற்றமோ காட்டாது. நன்கு சூடாக்கிச் சமைத்தால் அது மடியும். ஆனால் பல மணி நேரம் வெளியே கிடந்த பனீரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் உண்டாக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் முழுவதும் அழியாது. சமையல் எல்லாப் பிழையையும் திருத்தாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே அளவான மூன்று சிறு பனீர்த் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்த தட்டில் வையுங்கள். இரண்டாவதை நீரில் போட்டு, நீரை மாற்றாமல் விடுங்கள். மூன்றாவதை நீரில் போட்டு, நாள்தோறும் நீரை மாற்றுங்கள். மூன்றையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, நீரின் தெளிவையும் பனீரின் நிறத்தையும் ஐந்து நாள் குறித்து வாருங்கள். சோதனைத் துண்டுகளை யாரும் உண்ணாதபடி சீட்டு ஒட்டிவையுங்கள். முதலில் கலங்குவது எந்தக் கிண்ணம், எத்தனையாம் நாளில் என்று பாருங்கள். நீரா, குளிரா என்ற கேள்விக்கு உங்கள் குறிப்பேடே விடை சொல்ல வேண்டுமானால், நான்காவது துண்டு ஒன்றையும் நீரில் போட்டு, பெட்டிக்கு வெளியே வைத்துவிடுங்கள்.