தீபாவளி மாதத்தின் விற்பனையைக் கணிப்பது

ஜவுளிக்கடையின் பட்ஜெட்டுக்கு மாத விற்பனையைக் கணிக்கும்போது, வளர்ச்சியையும் பருவத்தின் தாக்கத்தையும் முதலில் பிரித்தாக வேண்டும். அதற்கு உதவுவது 12 மாத நகரும் சராசரி. ஆண்டின் எல்லா மாதங்களும் அதில் அடங்குவதால் பண்டிகை ஏற்றமும் ஆடி மாதத் தள்ளுபடியும் கரைந்து, அடிப்படைப் போக்கு மட்டும் மிஞ்சும். அக்டோபருக்கு அதைக் காண, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான சராசரியையும் மே முதல் ஏப்ரல் வரையிலான சராசரியையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும்.

இப்படிக் கிடைத்தது 20 லட்சம், உண்மையான விற்பனை 36 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 1.8 தான் அக்டோபரின் பருவக் குறியீடு. மூன்று நான்கு ஆண்டுகளின் குறியீடுகளைச் சராசரியாக்கி, 12 மாதங்களின் கூட்டுத்தொகை 12 ஆகும்படி சரிசெய்வார்கள். வரும் அக்டோபரில் போக்கு 22 லட்சத்தை எட்டுமென்றால், 1.8 ஆல் பெருக்கி 39.6 லட்சம் என்று பட்ஜெட்டில் எழுதலாம்.

இந்தக் கணக்கு தடுமாறுவது தீபாவளியிடம்தான். 2023-இல் அது நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எந்த ஆண்டுக்கும் பொருந்தாத குறியீடே வரும். ஒரே மாதத்தின் குறியீடு ஆண்டுக்காண்டு பெரிதாக மாறுவதே இதற்கு அடையாளம். அப்போது தீபாவளிக்கு முந்தைய வாரங்களின் விற்பனையைத் தனியாகக் கணித்து, அந்த ஆண்டில் அவை விழும் மாதத்தில் சேர்ப்பதே சரி.